தட்டியும் தெரியாத மணிக்கட்டு

அப்பா கறிவேப்பிலைச் செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஏறி இறங்கியபடி இருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சரியாக ஒரு மணிக்கு அவர் இடது கையில் இருந்த ஸ்மார்ட்வாட்ச் 'ர்ர்' என்று ஒரு முறை அடித்து ஓய்ந்தது. ஸ்டீல் ஸ்ட்ராப்பின் கண்ணிகள் அதிர்ந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் நிமிரவில்லை. பத்து நிமிடம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்பா, மணி ஒண்ணாகலையா? மாத்திரைக்கு இது அடிக்கவே இல்லையே."

அவருக்கு 72 வயது. சர்க்கரை வந்து 18 வருடமாகிறது. காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் சத்தம் போடாமல் கையில் தட்டிச் சொல்லும் கருவியாகத் தேடி வாங்கினேன். வாங்கிய இரண்டாவது வாரமே புகார் தொடங்கிவிட்டது. நான் போன் செய்தால் தெரிவதில்லை, மாத்திரை நேரம் தெரிவதில்லை. கடையில் கேட்டதற்கு, மோட்டார் வீக், அடுத்த மாடலுக்குப் போங்கள் என்றார்கள். அன்று தோட்டத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் அடித்தது. அடித்தது எனக்குத் தெரிந்தது, அணிந்திருப்பவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை, மோட்டாருக்கும் அவருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புது வாட்ச் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் இரண்டு வாரம் உட்கார்ந்தோம்.

வந்ததா, வரவே இல்லையா?

'வைப்ரேஷன் தெரியவில்லை' என்று சொல்லப்படும் புகாரில் இரண்டு வேறு நோய்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வாட்ச் அதிர்ந்தும் உணராமல் போவது. மற்றது, வாட்சுக்குச் செய்தி வந்து சேராமலே போவது. இரண்டாவதற்கு அதிர்வின் பலத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

வந்து சேராததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், பல வாட்ச்கள் நோட்டிஃபிகேஷனைப் போனிலேயே விட்டுவிடும். ஆப்பிள் வாட்சில் ஐபோன் திறந்திருந்தால் செய்தி போனுக்குப் போகும். போன் பூட்டியிருந்தால்தான் கைக்கு வரும். போனில் போட்ட 'தொந்தரவு செய்யாதே' அமைப்பு வாட்சிலும் தானாக விழுந்திருக்கலாம். உறக்க நேரம் என்று எப்போதோ குறித்து வைத்தது மறந்துபோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்ட்ராப் தொளதொளவென்று இருந்து வாட்ச் 'நான் கையில் இல்லை' என்று நினைத்துக்கொண்டாலும் நோட்டிஃபிகேஷன் நின்றுபோகும்.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. தவறவிட்டதாக நினைக்கும் செய்தி வாட்சின் நோட்டிஃபிகேஷன் வரிசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வந்திருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய, வாட்சிலேயே ஒரு நிமிட டைமர் வைக்கலாம். டைமருக்குப் போனும் வேண்டாம், புளூடூத்தும் வேண்டாம். டைமர் அடிப்பது நன்றாகத் தெரிந்து, போன் அழைப்பு மட்டும் தெரியாமல் போனால் கோளாறு வழியில்தான். அப்பாவின் தவறிய அழைப்புகளில் சில இந்த வகை. புளூடூத் அறுந்து கிடந்திருக்கிறது. போன் உள்ளறையில், அவர் கொல்லைப்புறத்தில். அதைச் சரிசெய்ய, தோட்டத்துக்குப் போகும்போது போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொன்னதே போதுமாக இருந்தது. மாத்திரை நினைவூட்டல்தான் முதல் வகை. ஒவ்வொரு முறையும் வரிசையில் இருந்தது, ஆனால் அவருக்குத் தெரிந்ததில்லை.

மோட்டாரைச் சோதிப்பது

அடுத்து மோட்டாரைக் குற்றத்திலிருந்து விடுவிக்க வேண்டும், அல்லது குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும். ஒரு நிமிட டைமர் வைத்து, வாட்சைக் கழற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் பலமாகத் தெரிந்து, மணிக்கட்டில் தெரியாமல் போனால் மோட்டார் நலமாக இருக்கிறது. அடுத்த முறை, கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் வாட்சைப் படுக்க வையுங்கள். தட்டு மேளத்தோல் மாதிரி வேலை செய்து அதிர்வைச் சத்தமாக்கிக் காட்டும். நல்ல மோட்டார் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, சீராக, தொடக்கமும் முடிவும் தெளிவாகக் கேட்கும். உரசும் சத்தமோ, ஒரு தடவை பலமாகவும் மறு தடவை சோகையாகவும் ஒலிப்பதோ இருந்தால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதற்கு அமைப்புகளில் மருந்து கிடையாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அப்பாவின் வாட்ச் தட்டின் மேல் அம்மாவையே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்க வைத்தது.

வாட்சுக்குள் இருக்கும் அதிர்வு மோட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகை. விலை குறைந்த ஃபிட்னஸ் பட்டைகளிலும் வாட்ச்களிலும் நாணயம் போன்ற சின்ன மோட்டார் இருக்கும். அதன் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்திருப்பார்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்ற அளவில் சுழலும்போது, அந்த ஒருபக்கக் கனம் வாட்சையே உலுக்கும். இரண்டாவது வகையில் சுழற்சியே இல்லை. ஒரு சுருள்வில்லில் கட்டிய சின்ன எடையைக் காந்தமும் கம்பிச்சுருளும் முன்னும் பின்னும் தள்ளும். ஆப்பிள் வாட்ச் 2015-இல் வந்தபோதே இந்த வகையில்தான் வந்தது. விரல் தட்டுவது போன்ற அந்தக் குறுகிய 'டக்' இதில்தான் கிடைக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. சுழலும் மோட்டாருக்கு வேகம் பிடிக்க நேரம் வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் முழு வேகத்துக்கு வர ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ ஆகும். நோட்டிஃபிகேஷனுக்கு வைத்திருக்கும் துடிப்பே அவ்வளவுதான் என்றால், வேகம் பிடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். இன்னொன்று, இந்த மோட்டாரில் பலத்தைக் குறைப்பது என்றால் வேகத்தைக் குறைப்பதுதான். வேகம் பாதியானால் உலுக்கும் விசை கால் பங்காகிவிடும். அதோடு அதிர்வெண்ணும் இறங்கிவிடும். அது ஏன் இரட்டை இழப்பு என்பது தோலைப் பற்றித் தெரிந்தால் புரியும்.

தோல் எதைக் கேட்கிறது

வேகமான அதிர்வை உணர நம் உடலில் தனியாக ஒரு உறுப்பு இருக்கிறது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல அடுக்கடுக்காக இருக்கும் மிகச் சிறிய முடிச்சு அது. 1830-களில் அதை விவரித்த இத்தாலியர் பிலிப்போ பசினியின் பெயரால் அழைக்கிறார்கள். வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் இது மிகவும் கூர்மையாக இருக்கும். அந்த அதிர்வெண்ணில் விரல் நுனியால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அசைவையே உணர முடியும். வாட்ச் செய்பவர்கள் மோட்டாரை 150, 200 என்ற அளவில் வைப்பது இதனால்தான். மோட்டார் மெதுவானால் விசையும் குறைகிறது, தோல் கூர்மையாகக் கேட்கும் எல்லையிலிருந்தும் அதிர்வு விலகிப்போகிறது.

ஆனால் அந்த முடிச்சுகள் விரலிலும் உள்ளங்கையிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. மயிர் முளைத்த புறக்கையின் தோலில் அவை அரிது. ஆழத்தில், எலும்பையும் மூட்டையும் ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால்தான் விரலில் பிடித்தபோது 'பலம்' என்று தோன்றியது மணிக்கட்டில் 'சோகை' ஆகிவிடுகிறது. மோட்டார் அதேதான். கேட்கும் காது வேறு.

அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் வெரில்லோ என்ற ஆய்வாளர் 1960-களில் இந்த உணர்வைப் பொறுமையாக அளந்தார். அவர் கண்ட இரண்டு விஷயங்கள் ஸ்மார்ட்வாட்ச் கட்டும் எல்லோருக்கும் நேரடியாக உதவும். ஒன்று, தோலைத் தொடும் பரப்பு அதிகமாக அதிகமாக, குறைந்த அதிர்வையே உணர முடிகிறது. மற்றது, ஒரே பலமுள்ள அதிர்வு நீளநீள, சுமார் ஒரு வினாடி வரை, அதை உணர்வது எளிதாகிக்கொண்டே போகிறது. பரப்பு என்பது ஸ்ட்ராப் கட்டும் விதம். நீளம் என்பது அதிர்வு எவ்வளவு நேரம், எப்படி விட்டு விட்டு வருகிறது என்ற அடுக்கு. இந்த இரண்டையும் கவனிக்காமல் பலத்தை மட்டும் கூட்டினால் பெரிய பயன் இருக்காது.

நரம்பைப் பற்றிய பயமும் எனக்கு இருந்தது. சர்க்கரை டாக்டர் வருடா வருடம் ஒரு இசைக்கவையைத் தட்டி அப்பாவின் கால் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். வினாடிக்கு 128 முறை அதிரும் கவை அது. "இப்ப நின்னுடுச்சு" என்று அப்பா சொன்ன பிறகும் டாக்டரின் விரலில் அது அதிர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோயில் நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும், அதனால் பாதத்தில் தொடங்கி, பிறகுதான் கைக்கு ஏறும். இந்த முறை கேட்டுக்கொண்டதால், கவையை மணிக்கட்டுக்கு வெளிப்புறம் துருத்தியிருக்கும் எலும்பு மொட்டிலும் வைத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஓயும்வரை அப்பாவுக்குத் தெரிந்தது. கால் கொஞ்சம் கெட்டிருக்கிறது, கை கெடவில்லை. மணிக்கட்டிலும் கவையின் அதிர்வு தெரியவில்லை என்றால், வாட்சைத் திருத்துவதில் பொழுதைக் கழிக்காமல் அதை மருத்துவச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ராப்

மிச்சம் இருந்தது ஸ்ட்ராப். நம் ஊரில் பெரியவர்கள் வாட்சை வளையல் மாதிரி கட்டுவார்கள். கையைத் தொங்கவிட்டால் புறங்கை வரை இறங்கி, தூக்கினால் முழங்கை நோக்கி ஏறும். அப்பா ஐம்பது வருடமாகக் கட்டுவது அப்படித்தான். மணி பார்க்க மட்டும் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. அதிர்வுக்கு அது ஆகாது. தளர்ந்த வாட்ச் அதிரும்போது, தோலைத் தள்ளாமல் தான் மட்டும் காற்றில் ஆடுகிறது. அந்த ஆட்டம் ஸ்ட்ராப்பின் கண்ணிகளுக்குப் போய்ச் சத்தமாகிறது. தோட்டத்தில் நான் கேட்ட 'ர்ர்' அதுதான். அவர் தோலுக்குப் போக வேண்டியது என் காதுக்கு வந்தது.

ஸ்டீல் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டுச் சிலிகோன் ஸ்ட்ராப் போட்டோம். மணிக்கட்டு எலும்பு மொட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாக வைத்தோம். மொட்டின் மேலேயே உட்கார்ந்தால் வாட்சின் அடிப்பாகம் ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். மேலே தள்ளினால் முழுப் பரப்பும் படியும். கையை ஆட்டினால் வாட்ச் நகரக் கூடாது, ஆனால் ஒரு சுண்டுவிரல் சிரமப்பட்டு நுழைய வேண்டும். அந்த இறுக்கம்தான் அளவு. அதற்கு மேல் இறுக்கினால் தோல் சிவந்து அரிக்கத் தொடங்கும். ராத்திரி ஒரு துளை தளர்த்திவிடலாம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய் இணைப்பு செய்தவர்கள் அந்தக் கையில் வாட்சே கட்டக் கூடாது.

நோட்டில் எழுதிய கணக்கு இது. டைமர் வைத்தது அவருக்குத் தெரியாமல் நான். தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டியது அவர். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது பழைய ஸ்ட்ராப்பில் ஐந்துக்கு இரண்டு, புதிய ஸ்ட்ராப்பில் ஐந்துக்கு ஐந்து. பலத்தை நாங்கள் மாற்றவே இல்லை. ஆனால் மண்வெட்டி பிடித்திருக்கும்போது புதிய ஸ்ட்ராப்பிலும் ஐந்துக்கு இரண்டுதான்.

வேலை செய்யும் கை மந்தமாக இருப்பது வயதினாலோ சர்க்கரையினாலோ மட்டும் அல்ல. நம் கையை நாமே அசைக்கும்போது, அந்தக் கையிலிருந்து வரும் தொடு உணர்வை நரம்பு மண்டலம் தணித்துவைக்கிறது. இல்லாவிட்டால் சட்டை உரசுவதெல்லாம் செய்தியாகிவிடும். அதற்கு மேல் மண்வெட்டியின் அதிர்ச்சி வேறு. எல்லோருக்கும் இது உண்டு. நடக்கும்போதும், துணி துவைக்கும்போதும், பைக் ஓட்டும்போதும் நமக்கு வாட்ச் தெரியாமல் போவது இதனால்தான். ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், அதுவே வினாடிக்கு 100 அதிர்வைக் கைப்பிடி வழியாகக் கைக்குள் செலுத்துகிறது. இறங்கிய பிறகும் சிறிது நேரம் கை மரத்தே இருக்கும்.

பலத்தை விட அடுக்கு

அசையும் கைக்கு எட்ட, அதிர்வு நீளமாகவும் திரும்பத் திரும்பவும் வர வேண்டும். நோட்டிஃபிகேஷன் அப்படி வருவதில்லை. ஒரு வினாடிக்கும் குறைவாக ஒரு முறை தட்டிவிட்டுப் போய்விடும். அந்த நொடியில் கை மண்வெட்டியை இறக்கிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். அலாரம் அப்படி இல்லை. நிறுத்தும்வரை, அல்லது வெகு நேரம், விட்டு விட்டு அடிக்கும். கை எப்போதாவது ஓய்ந்துதானே ஆக வேண்டும்? அந்த ஓய்வில் அது பிடித்துவிடும்.

அப்பாவின் மாத்திரை நேரம் போனின் காலண்டரிலிருந்து நினைவூட்டலாக வந்துகொண்டிருந்தது. அதை வாட்சிலேயே தினசரி அலாரமாக மாற்றினேன். இரண்டு வாரத்தில் செய்த திருத்தங்களில் இதற்கு ஈடானது வேறில்லை. தவறக் கூடாதது எதுவோ அது அலாரமாக இருக்க வேண்டும். நோட்டிஃபிகேஷன் தவறினாலும் பரவாயில்லை என்பதற்கு மட்டும்.

அமைப்புகளுக்கு வருவோம். ஆப்பிள் வாட்சில் `Settings` திறந்து `Sounds & Haptics` போனால் `Haptic Alerts` என்று இருக்கும். அதில் `Default`, `Prominent` என்ற இரண்டு தேர்வுகள். `Prominent` என்பது வெறுமனே பலத்தைக் கூட்டுவது அல்ல. சில பொதுவான எச்சரிக்கைகளுக்கு முன்னால் 'இதோ வருகிறது' என்று கூடுதலாக ஒரு அதிர்வைக் கொடுக்கும். முதல் அதிர்வு கவனத்தைத் திருப்பும், அடுத்தது செய்தியைச் சொல்லும். கதவைத் தட்டிவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. கவனமாக யோசித்துச் செய்த வேலை இது என்று எனக்குப் படுகிறது.

சாம்சங் கேலக்ஸி வாட்சில் `Sounds and vibration` பகுதிக்குள் பாருங்கள். அதிர்வின் பலம், நீளம், அழைப்புக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் தனித்தனி அடுக்கு ஆகியவை அங்கே இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறும். அங்கே முதலில் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள், பிறகு பலம். சில பட்டைகளின் போன் செயலியில் திரையை விரலால் தட்டியும் அழுத்தியும் நாமே ஒரு அடுக்கைப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்யும்போது மூன்று விரைவான குட்டித் தட்டுகள் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சுழலும் மோட்டாரில் அவை மூன்றும் சோகையாகக் கலந்து ஒரே நடுக்கமாகிவிடும். அரை வினாடி நீள அழுத்தம், அதே அளவு இடைவெளி, மறுபடி நீளம் என்று வையுங்கள். இடைவெளி முக்கியம். தொடர்ந்து அதிர்ந்தால் தோல் பழகிப்போய்க் கேட்பதை நிறுத்திவிடும். விட்டுவிட்டு வரும்போதுதான் ஒவ்வொரு தொடக்கமும் புதிதாகத் தெரியும்.

மருந்துக்கு ஒன்று, மகன் அழைப்புக்கு ஒன்று, வங்கிச் செய்திக்கு ஒன்று என்று ஐந்தாறு அடுக்குகள் வைத்துக் கையால் படித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் எனக்கு ஆசை. அப்பாவால் இரண்டைத்தான் தவறாமல் பிரித்தறிய முடிந்தது: விட்டுவிட்டு நீளமாக வருவது, ஒரே தட்டாக வருவது. என்னாலும் மூன்றுக்கு மேல் முடியவில்லை. நீளமானது 'எழுந்து பார்', ஒற்றைத் தட்டு 'அப்புறம் பார்த்துக்கொள்' என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் இருந்த பெரும்பாலான செயலிகளை வாட்சுக்கு வராமலே நிறுத்திவிட்டேன். கடைத் தள்ளுபடியும் கல்யாண மண்டப வாட்ஸ்அப் குழுவும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தால், மாத்திரைக்கான தட்டும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும்.

சிலிகோன் ஸ்ட்ராப், எலும்புக்கு மேல் இடம், அலாரம், நீள அடுக்கு எல்லாம் சேர்ந்த பிறகு மண்வெட்டிச் சோதனையை மறுபடி செய்தோம். ஐந்துக்கு ஐந்தும் தெரிந்தது. முதல் அடியிலேயே தெரிந்தது இரண்டு முறைதான். மற்ற மூன்றிலும் கையை நிறுத்தி வியர்வை துடைத்தபோது தெரிந்தது. பலத்தை அதற்குப் பிறகுதான் உச்சத்துக்கு வைத்தேன். அதனால் பெரிய வித்தியாசம் வரவில்லை, பேட்டரி மட்டும் கொஞ்சம் முன்னதாக இறங்கியது. பழைய அளவுக்கே திருப்பிவிட்டேன்.

எங்கே இது போதாது என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஆழ்ந்த தூக்கத்தில் மணிக்கட்டுத் தட்டை நம்ப முடியாது. கையின் மேலேயே தலை வைத்துப் படுத்தால் கை மரத்துவிடும். காது கேளாதவர்கள் எழுவதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் பெரிய அதிர்வுக் கருவிகள் தனியாகவே உண்டு. இன்சுலின் போடுபவர்கள் ராத்திரியில் சர்க்கரை இறங்குவதைச் சொல்லும் எச்சரிக்கையை வாட்சின் அதிர்வுக்கு மட்டும் விடக் கூடாது. போனில் சத்தமாகவும் அடிக்க வேண்டும், அதைக் கேட்கும் தூரத்தில் இன்னொருவரும் படுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

மொபெட்டில் போகும்போது அப்பாவுக்கு இன்னமும் தெரிவதில்லை. ஐந்து முறை சோதித்தோம், ஒரு முறைகூடத் தெரியவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் மல்லுக்கட்டியபோது அவர்தான் தடுத்தார். "வண்டி ஓட்டும்போது எதுக்குப்பா தெரியணும்? நிறுத்தினதும் பார்த்துக்கறேன்." இப்போது காய்கறிக் கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டதும், பையை எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.